ஓலை ஏட்டுப் படத்தில் ஓட்டை விழுந்த இடத்தை எப்படி மொழிபெயர்ப்பது?

சித்த மருத்துவ மாணவி: அம்மா, ‘மிளகுபலம’ என்பதற்குப் பின் ஓட்டை. அதற்குள் ‘உ’ தெளிவாகத் தெரிகிறது. மிளகின் எடை இரண்டு பலம் என்று எழுதலாமா?

எழுதாதே அம்மா. நீ அனுப்பிய படத்தில் ஏடுகளைப் பிரிக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தே எடுத்திருக்கிறார்கள். அந்த ‘உ’ அடியிலிருக்கும் ஏட்டின் எழுத்தாக இருக்கலாம். வரி மட்டத்திலிருந்து சற்று இறங்கி நிற்கிறது, ஓட்டை விளிம்பின் நிழலும் அதன்மேல் விழுகிறது. அடுத்த ஏட்டின் படத்தில் அதே இடத்தைப் பார்.

மருந்தேட்டில் எண்ணும் எழுத்தும் ஒரே உரு. உ இரண்டு, க ஒன்று, அ எட்டு. நெருக்கி எழுதிய வரியில் சின்ன ஓட்டையே இரண்டு குறிகளைத் தின்றுவிடும். முன்னால் ஒரு ௰ இருந்து போயிருந்தால் பன்னிரண்டு பலம் இரண்டு பலமாகிவிடும். நோயாளி உண்பது அந்த அளவைத்தான். ‘மிளகு [அளவு சிதைந்தது] பலம்’ என்றே மொழிபெயர்த்து வை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: பாட்டாக இருந்தால் எதுகையும் சீரும் கொண்டு நிரப்பிவிடலாமே. நான் அப்படித்தான் செய்கிறேன்.

பாதி சரி, ஐயா. எதுகை இரண்டாம் எழுத்துக்கு மட்டும் சாட்சி. சீர் எத்தனை அசை போயிற்று என்று காட்டும், எந்தச் சொல் என்று காட்டாது. ஒன்று, மூன்று, நான்கு, ஐந்து, பத்து எல்லாமே தேமா. ‘இரண்டு’ புளிமாவாகவும் ‘ஒன்பது’ கூவிளமாகவும் விலகும். நிரப்பினால் பகர அடைப்புக்குள் வையுங்கள். மொழிபெயர்ப்பிலும் அந்த அடைப்பு அப்படியே இருக்க வேண்டும்.

மென்பொருள் பணியாளர்: தேய்ந்த எழுத்துக்குப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கான்ட்ராஸ்ட் கூட்டினேன். புள்ளிகூடத் தெரிகிறது!

அந்தப் புள்ளியை நம்பாதீர்கள். பழைய ஏடுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. நீங்கள் பார்ப்பது பூச்சித் துளையாகவோ அழுக்காகவோ இருக்கக்கூடும். ஓலையின் நரம்புகளும் வரியோடு சேர்ந்தே ஓடுவதால், கான்ட்ராஸ்ட் கூட்டினால் விரிசல்கூட எழுத்தின் கோடு போலாகிவிடும். காலும் ‘ர’வும் ஒரே வடிவம், குறில் நெடில் கொம்பும் ஒன்றே; ‘கொடு’வும் ‘கோடு’ம் அங்கே ஒரே தோற்றம்தான்.

மறுபடி படம் எடுக்க முடிந்தால் விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்து ஒரு படம், எதிர்ப்பக்கம் வைத்து இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்கள். மை போனாலும் எழுத்தாணிக் கீறல் பல இடங்களில் நிழலாகத் தெரியும்.

இல்லத்தரசி: எங்கள் வீட்டுச் சாதக ஏடு மங்கிவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவினால் தெரியுமா?

தடவாதீர்கள் அம்மா, தூசி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ஏடுகளைப் பிரிக்கவும் வேண்டாம். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ தஞ்சை சரசுவதி மகாலிலோ கேளுங்கள்.

மாணவி: பார்த்தேன் அம்மா, அந்த ‘உ’ அடுத்த ஏட்டில்தான் இருக்கிறது. ஆனால் ஓட்டையின் இடது ஓரத்தில் ஒரு நெட்டுக்கோடு மிஞ்சியிருக்கிறது. மூன்றைக் குறிக்கும் ௩ ஆ, ஐந்தைக் குறிக்கும் ௫ ஆ?

இரண்டுக்குமே அப்படித் தொடக்கம் உண்டு, இந்தப் படத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. அதே எழுத்தர் வேறு ஏடுகளில் இவ்விரண்டையும் எப்படிக் கீறியிருக்கிறார் என்று தேடி ஒப்பிட்டுப் பார். கூடவே, ஏட்டின் அடியில் வெள்ளைத்தாள் வைத்து இந்த ஒரு பக்கத்தை மட்டும் திரும்ப எடுத்துத் தரும்படி சுவடிக் காப்பாளரிடம் கேள்.