எண்டோஸ்கோபிக்கு மயக்க ஊசி தேவையா?

கேள்வி: எனக்கு வயது 46. எட்டு மாதமாக நெஞ்செரிச்சலும் மேல்வயிற்று வலியும் இருக்கிறது. எண்டோஸ்கோபி பார்க்கச் சொல்லிவிட்டார்கள். குழாய் போகும்போது மூச்சு அடைத்துவிடுமோ என்று பயம். மயக்க ஊசி போட்டுச் செய்துகொள்ளலாமா? சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன். தூக்கத்தில் நன்றாகக் குறட்டை விடுவேன் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

மருத்துவர் பதில்: கருவி போவது உணவுக்குழாய்க்குள். மூச்சுக்குழாய் அதற்கு முன்பக்கம் தனி வழியாக இருக்கிறது. அது முழு நேரமும் திறந்தேதான் இருக்கும். கருவியின் தடிமன் ஏறக்குறைய 1 செ.மீ., சுண்டுவிரல் அளவுதான். நீங்கள் மூச்சடைப்பு என்று அஞ்சுவது உண்மையில் குமட்டல் உணர்வு. கருவி நாக்கின் அடியைத் தாண்டி உணவுக்குழாயின் வாயில் நுழையும் 10, 15 விநாடிகளில்தான் அது அதிகம். அந்த நேரத்தில் 'விழுங்குங்கள்' என்பார்கள். ஒரு முறை விழுங்கினால் அங்குள்ள தசை தானே திறந்து வழிவிடும். பயந்து தொண்டையை இறுக்கினால் அதே தசை மூடிக்கொள்ளும். சிரமம் பெரும்பாலும் இங்கேதான் கூடுகிறது.

'மயக்க ஊசி' என்ற ஒரே பெயரில் நாம் இரண்டு வேறு வேறு மருந்துகளைச் சொல்கிறோம். எது உங்களுக்கு என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது மிடாசோலம். கை நரம்பில் 1 அல்லது 2 மி.கி. அளவில் மெதுவாக ஏற்றுவார்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் பதற்றம் அடங்கி, கண் சொருகும். முழுத் தூக்கம் வராது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறப்பீர்கள், சொன்னபடி விழுங்குவீர்கள். ஆனால் நடந்தது பின்னால் நினைவில் இருக்காது, அல்லது துண்டு துண்டாக இருக்கும். 'ஊசி வேலை செய்யவில்லை, நான் விழித்தேதான் இருந்தேன்' என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வது இதனால்தான். விழித்திருப்பதுதான் இந்த மருந்தின் முறை.

இரண்டாவது ப்ரோபோஃபால். இதில் அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் தூங்கிவிடுவீர்கள்; நிறுத்திய சில நிமிடங்களில் விழிப்பீர்கள். ஏற்றும்போது கை நரம்பில் எரிச்சல் தெரியும். மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் இது சட்டென்று குறைக்கக்கூடியது. மிடாசோலத்தின் வேலையை உடனே முறிக்க ஃபுளுமாசெனில் என்ற ஊசி இருக்கிறது. ப்ரோபோஃபாலுக்கு அப்படி மாற்று மருந்து கிடையாது. அது தானே இறங்கும்வரை மூச்சைக் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டும். அதனால் இதற்கு மயக்கவியல் மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஊசியே இல்லாமல் லிக்னோகைன் ஸ்பிரே மட்டும் அடித்தும் செய்யலாம். கசக்கும். தொண்டை வீங்கிவிட்டது போலவும், விழுங்கவே முடியாதது போலவும் தோன்றும். அது மரத்துப்போன உணர்வுதான், விழுங்க முடியும். பரிசோதனை மட்டும் என்றால் 5 முதல் 10 நிமிடம். ஸ்பிரே மட்டும் என்றால் தொண்டை மரப்பு நீங்கியதும் நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்பலாம்.

உங்கள் விஷயத்தில் முக்கியம் குறட்டை. எந்த மயக்க மருந்தும் தொண்டைத் தசையைத் தளர்த்தும். குறட்டை விடுபவர்களுக்குத் தளர்ந்த தசை காற்றுவழியை எளிதில் மூடிவிடும். தூக்கத்தில் மூச்சு சில விநாடிகள் நின்று, திணறி மீண்டும் தொடங்குகிறதா என்று வீட்டில் கேளுங்கள். பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம் சொக்குகிறதா என்றும் பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்படியானால் ஸ்பிரே மட்டும், அல்லது மயக்கவியல் மருத்துவர் மேற்பார்வையில் என்பதே என் யோசனை. வெறும் குறட்டை மட்டும் என்றால் குறைந்த அளவு மிடாசோலமும் மூக்கு வழி ஆக்சிஜனும் போதும். தினமும் தூக்க மாத்திரையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களும் அதை மறைக்கக் கூடாது. அவர்களுக்கு மருந்தின் வேலை கணித்தபடி இருக்காது.

காலை 9 மணிக்கு நேரம் வாங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் நாள் இரவு 9 மணிக்குள் இட்லி போன்ற லேசான உணவோடு முடித்துவிடுங்கள். பால் கலந்த காபி, டீ 'தண்ணீர்தானே' என்று பலர் குடித்துவிட்டு வருகிறார்கள். பால் வயிற்றில் தயிராகித் தங்கும், அதைத் திட உணவாகத்தான் கணக்கிட வேண்டும். வெறும் தண்ணீர் காலை 7 மணி வரை குடிக்கலாம். உங்கள் மருத்துவமனை அதற்கும் முன்னரே நிறுத்தச் சொன்னால் அதன்படி செய்யுங்கள். இவ்வளவு கண்டிப்பு ஏனென்றால், மயக்கத்தில் இருமல் உணர்வு மந்தமாகிவிடும். வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நுரையீரலுக்குள் போகும்.

அம்லோடிபினை அதிகாலையில் ஒரு வாய்த் தண்ணீரோடு வழக்கம்போல் போடலாம். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் அன்று காலை வேண்டாம், சாப்பிட்ட பிறகு தொடரலாம். குறிப்பாக கிளிமிபிரைடு வெறும் வயிற்றில் சர்க்கரையை இறக்கிவிடும். காலையில் விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், அல்லது வியர்வை, நடுக்கம் வந்தால், நேரம் எதுவாக இருந்தாலும் தண்ணீரில் மூன்று நான்கு ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் குடித்துவிட்டு, அங்கே போனதும் சொல்லுங்கள். பரிசோதனை சற்றுத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் நீங்களாக நிறுத்தாதீர்கள். கேட்டுச் செய்யுங்கள்.

கழற்றும் பல்செட், ஆடும் பல், மருந்து ஒவ்வாமை இருந்தால் சொல்லுங்கள். விரல் நுனியில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி மாட்டுவார்கள். அடர்நிற நகப்பூச்சு, மருதாணி அதைக் குழப்பலாம் என்பதால் ஒரு விரலையாவது வெறுமனே விடுங்கள்.

இடப்பக்கமாகப் படுக்க வைத்து, பற்களுக்கு இடையே பிளாஸ்டிக் வளையம் வைப்பார்கள். எச்சிலை விழுங்க வேண்டாம், வாயோரம் வழிய விடுங்கள். வயிற்றைக் காற்றால் விரிப்பதால் உப்புசமும் ஏப்பமும் வரும். இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடலுக்குள் நுழையும்போது ஒரு அழுத்தம் தெரியும். சதைத் துணுக்கு எடுத்தால் வலிக்காது, உட்படலத்துக்கு வெட்டு வலி தெரியாது.

முடிந்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் வாயில் எதுவும் படக் கூடாது. பிறகு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துப் பாருங்கள். இருமல் வரவில்லை என்றால் ஆறிய கஞ்சி குடிக்கலாம். சூடு வேண்டாம், மரத்த தொண்டைக்குச் சுடுவது தெரியாது. ஊசி போட்டிருந்தால் துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். மருத்துவர் முடிவைச் சொல்லும்போது அவரையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தலையாட்டிக் கேட்டுவிட்டு மாலையில் மறந்திருப்பீர்கள். 24 மணி நேரம் வண்டி ஓட்டுவது, பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது இரண்டும் வேண்டாம். தெளிவாக இருப்பதாக உங்களுக்குத் தோன்றும், ஆனால் கை கால் வேகம் குறைந்தே இருக்கும்.

பரிசோதனைக்கு மட்டுமான எண்டோஸ்கோபியில் ஓட்டை விழுவது ஆயிரக்கணக்கானோரில் ஒருவருக்கு நேர்வது. அதைவிட அதிகம் நடப்பது ஆக்சிஜன் அளவு இறங்குவது. தாடையைத் தூக்கி, ஆக்சிஜனைக் கூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஓரிரு நாள் தொண்டைக் கரகரப்பும் வயிற்று உப்புசமும் இயல்பு. நேரம் ஆக ஆகக் கூடும் கழுத்து, நெஞ்சு அல்லது வயிற்று வலி, காய்ச்சல், மூச்சுத்திணறல், கழுத்துத் தோலைத் தொட்டால் நொறுநொறுவென்ற உணர்வு, ரத்த வாந்தி ஆகியவை இயல்பல்ல. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மலம் கறுப்பாகப் போவது வழக்கம்தான். ஆனால் தார்போல் பிசுபிசுவென்று, நாற்றத்தோடு, தலைசுற்றலும் சேர்ந்து வந்தால் மாத்திரையின் மேல் பழியைப் போட்டுக் காத்திருக்க வேண்டாம்.