சங்கக் கணக்கு: எங்களைத் திருப்பி அனுப்பியது தீர்மானம்தான்

கேள்வி: டர்பனில் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடியிருப்போர் நலச் சங்கம் தொடங்கியிருக்கிறோம். என்பிஓ, அதாவது லாப நோக்கமற்ற அமைப்பு என்ற பதிவு இன்னும் வரவில்லை. வங்கிக் கணக்கு தொடங்க முடியுமா? யார் யார் கையெழுத்துப் போடுவது?

பதில்:

முடியும். தென்னாப்பிரிக்காவில் இப்படிப்பட்ட சங்கம் உருவாக அரசுப் பதிவு கட்டாயமில்லை. உறுப்பினர்கள் கூடி விதிமுறையை ஏற்றாலே போதும். சமூக மேம்பாட்டுத் துறையில் என்பிஓவாகப் பதிவது நம் விருப்பம். "என் வங்கி என்பிஓ பதிவு எண்ணையும் கேட்டது" என்று யாராவது சொல்லலாம், அதுவும் நடக்கும். அதனால் கிளையில் முதலில் கேட்டுவிடுங்கள்.

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருக் காவலாளியின் சம்பளப் பணம் எட்டு மாதம் என் சொந்தக் கணக்கில்தான் வந்தது. ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் "கணக்கு எங்கே?" என்று கேட்டுவிட்டார். ஒரு ரேண்ட்கூட நான் தொட்டதில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை, மறுவாரமே வங்கிக்குப் போனோம்.

திருப்பி அனுப்பிவிட்டார்கள். "தலைவரும் பொருளாளரும் கையெழுத்திடுவர்" என்று மட்டும் தீர்மானத்தில் எழுதியிருந்தோம். ஆள் பெயரும் இல்லை, அடையாள எண்ணும் இல்லை. விதிமுறையிலோ "மூவரில் இருவர்" என்று இருந்தது. சங்கத்தின் பெயரும் ஒன்றில் "நலச் சங்கம்", இன்னொன்றில் வெறும் "சங்கம்". மறுபடி கூட்டம் போட்டு, விதிமுறையில் உள்ள பெயரை அப்படியே எழுதி, இந்த வங்கியில் கணக்கு தொடங்க ஒப்புதல் என்றும், மூவரின் முழுப்பெயர், அடையாள எண்ணோடு "இவர்களில் எந்த இருவரும் சேர்ந்து" என்றும் தீர்மானித்தோம். கூட்டக் குறிப்பில் வந்தவர்கள் பட்டியலையும் சேர்த்தோம்.

அப்புறம் ஃபிகா சட்டம், வாடிக்கையாளர் யார் என்று வங்கி சரிபார்க்க வேண்டும் என்கிற சட்டம். கையெழுத்திடும் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை வேண்டும், முகவரிச் சான்றையும் வங்கிகள் பொதுவாகக் கேட்கும். எங்களிடம் மூன்று மாதத்துக்கு உட்பட்ட பில் கேட்டார்கள். எங்கள் பொருளாளர் அக்கா வீட்டுத் தண்ணீர் பில் இன்னும் காலமான கணவர் பெயரில்தான் வருகிறது. ஆறு வருடமாகப் பெயர் மாற்ற அலைகிறார். தவறாமல் பணம் கட்டுகிற ஒரு பெண் தன் வீட்டில் தான் குடியிருப்பதை நிரூபிக்க இவ்வளவு அலைய வேண்டுமா? கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடைசியில் பிரமாண வாக்குமூலம் கொடுத்தார், எங்கள் கிளை ஏற்றுக்கொண்டது.

2021 முதல் இங்கே காசோலை கிடையாது. இரண்டு கையெழுத்து என்றால் இப்போது இணைய வங்கியில் ஒருவர் பணம் அனுப்பப் பதிவது, இன்னொருவர் ஒப்புதல் தருவது. தீர்மானத்தில் எழுதினால் மட்டும் இது வந்துவிடாது. கிளையில் படிவத்தில் தனியாகக் கேட்டு வையுங்கள். கணக்கு திறந்ததும் பத்து ரேண்ட் அனுப்பிப் பாருங்கள். இரண்டாமவர் ஒப்புதலுக்குக் காத்து நின்றால் சரி. உடனே போய்விட்டால், சந்தாவை வாங்கத் தொடங்கும் முன்பே கிளைக்குப் போய் மாற்றிவிடுங்கள்.