இன்டர்வியூவுக்கு முந்தின ராத்திரி

கேள்வி: அக்கா, பி.காம். முடித்திருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்குக் கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலைக்கு இன்டர்வியூ. எனக்கு இதுதான் முதல் இன்டர்வியூ. வியாழக்கிழமை சாயங்காலம் குரோம்பேட்டையில் இருக்கிற சித்தி வீட்டுக்குப் போய்த் தங்கப் போகிறேன். இப்போதே வயிறு பிசைகிறது. பரீட்சைக்கு முந்தின ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே வராது. தூங்காமல் போய் உட்கார்ந்து உளறிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி என்ன செய்யட்டும்?
– வாசகி, செய்யாறு

பதில்: முடிந்தால் புதன்கிழமையே சித்தி வீட்டுக்குப் போய்விடும்மா. புது இடத்தில் முதல் ராத்திரி பலருக்கும் தூக்கம் சரியாக வராது. தூக்கத்தை ஆராய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சோதனைக் கூடத்தில் ஒருவர் தூங்கும் முதல் ராத்திரியைப் பல சமயம் அவர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. புது இடத்தில் மூளையின் ஒரு பாதி கொஞ்சம் விழிப்பாகவே காவல் இருக்கிறது என்று 2016-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தார்கள். ஃபேன் சத்தம், தெருவில் போகிற பைக், சமையலறையில் ஒரு பாத்திரம் நகர்வது எல்லாம் காதில் விழும். இரண்டாம் ராத்திரி இது பெரும்பாலும் அடங்கிவிடும். வியாழக்கிழமைதான் போக முடியும் என்றால் உன் போர்வையையும் தலையணை உறையையும் எடுத்துக்கொண்டு போ. சரியாகத் தூங்காவிட்டால், 'புது இடம், அதனால்தான்' என்று உனக்கே சொல்லிக்கொள். அதைப் பயத்தின் கணக்கில் எழுதாதே.

ஒரு ராத்திரி தூக்கம் குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள். நீண்ட நேரம் ஒரே மாதிரி செய்கிற வேலையில்தான் அது முதலில் காட்டும். இரண்டு மணி நேரம் லெட்ஜரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொக்கும். எதிரே ஒருவர் உட்கார்ந்து உன் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கிற அரை மணி நேரத்தில் உன் உடம்பு தானாகவே விழித்துக்கொள்ளும். உன்னைத் தூங்க விடாமல் செய்த அதே படபடப்புதான் அங்கே உன்னை விழிப்பாக வைத்திருக்கும். நான் 14 வருஷம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுத்திருக்கிறேன். 'ராத்திரி சரியாத் தூங்கலை மேடம்' என்று சொன்ன பிள்ளைகள் எத்தனையோ பேர் நன்றாகவே பதில் சொல்லியிருக்கிறார்கள். அவர்களே சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

பயம் ராத்திரி பத்து மணிக்கு மேல் பெரிதாவதற்கு முக்கியமான காரணம், அதுவரை முடிவு செய்யாமல் விட்ட சின்னச் சின்ன விஷயங்கள்தான். அவற்றைச் சாயங்காலமே முடித்துவிடலாம். உன் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 10 மணிக்கு இன்டர்வியூ. 9.30-க்கு வாசலில் நிற்க வேண்டும். கிண்டி ஸ்டேஷனில் இறங்கி நடந்தோ ஆட்டோவிலோ போக 20 நிமிஷம் வை. அப்போது 9.10-க்குக் கிண்டியில் இறங்க வேண்டும். குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் 20 நிமிஷம் என்று வைத்துக்கொள். காலை நேரத்தில் பீச் பக்கம் போகிற வண்டியில் கூட்டம் இருக்கும், ஒரு வண்டியை விட வேண்டி வந்தாலும் வரும். அதனால் 8.30-க்கு பிளாட்பாரத்தில் இரு. சித்தி வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் பத்து நிமிஷம் என்றால் 8.15-க்குக் கிளம்பினால் போதும். 6.15-க்கு எழுந்தால் குளித்து, சாப்பிட்டு, அவசரமில்லாமல் உடுத்திக்கொள்ளலாம். இப்போது பார், பதினொரு மணிக்குத் தூங்கினாலும் உனக்கு ஏழு மணி நேரம் இருக்கிறது.

இதை ஒரு தாளில் பேனாவால் எழுது. 2018-ல் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைப் படுக்கப் போகும்முன் ஐந்து நிமிஷம் எழுத வைத்தார்கள். செய்து முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, இனிமேல் செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிஷம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. ஒன்பது நிமிஷம் சின்ன விஷயம்தான். ஆனால் எழுத உட்கார்ந்தால்தான் எது இன்னும் தெரியவில்லை என்பது தெரியும். 'ஃபைல், கறுப்புப் பையில்' என்று எழுதிவிடுவாய். 'கிண்டியில் இறங்கி எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும்?' என்று எழுதும்போது கை நிற்கும். உடனே போய் சித்தப்பாவைக் கேட்டு, பதிலையும் பக்கத்திலேயே எழுது. நடு ராத்திரியில் உன்னை எழுப்பியிருக்கக்கூடிய ஒரு கேள்வி அங்கேயே முடிந்தது. ஃபைலில் பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், டிகிரி அல்லது ப்ரொவிஷனல் சர்டிஃபிகேட், ஆதார், இரண்டு போட்டோ, மூன்று ரெஸ்யூமே, அவர்கள் அனுப்பிய மெயிலின் பிரின்ட் இருந்தால் போதும். உடுத்தப் போகும் சுடிதாரை அயர்ன் பண்ணி, ஒரு தடவை போட்டு உட்கார்ந்து பார். துப்பட்டா நழுவுகிறதா, எங்கே பின் குத்த வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும்.

படிப்பதை எட்டு மணியோடு நிறுத்திவிடு. அதற்கு முன்னால் ஒன்றே ஒன்றை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பார். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற கேள்விக்கான பதில் அது. பெரும்பாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள், குரல் நடுங்குவதும் அந்த முதல் ஒரு நிமிஷத்தில்தான். அது ஓடிவிட்டால் மீதி தானாக ஓடும்.

ஆனால் மனப்பாடம் செய்யாதே. ஒரு பையன் ஞாபகம் வருகிறது. இங்கிலீஷில் இருபது வரி மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான். மூன்றாவது வரியில் ஊர்ப் பெயரைச் சொன்னதும், 'அது எங்கே இருக்கு?' என்று என் பக்கத்தில் இருந்தவர் ஆசையாகத்தான் கேட்டார். அதற்குப் பதில் சொல்லிவிட்டான். அப்புறம் விட்ட இடத்தைப் பிடிக்க முடியவில்லை. மறுபடி 'மை நேம் இஸ்' என்று முதல் வரியிலிருந்து ஆரம்பித்தான், கண் கலங்கிவிட்டது. தண்ணீர் கொடுத்து, தமிழிலேயே பேசச் சொன்னோம். கேட்டதற்கெல்லாம் தெளிவாகச் சொன்னான். உனக்கு நாலு குறிப்பு போதும்: ஊர், படிப்பு, கையால் செய்த ஒரு வேலை, இந்த வேலைக்கு ஏன் வந்தாய். மூன்றாவது குறிப்பில் உண்மையான ஒன்று இருக்கட்டும். டேலியில் என்ட்ரி போட்டிருந்தால் எத்தனை மாதக் கணக்கு, யாருடைய கடைக் கணக்கு என்று சொல். நாலு குறிப்பையும் வேறு வேறு வார்த்தையில் மூன்று தடவை சொல்லிப் பார், நடுவில் சித்தியைக் குறுக்கே கேள்வி கேட்கச் சொல். விட்ட இடத்துக்குத் திரும்பி வருவதுதான் பயிற்சி.

அப்புறம் யாராவது ஒன்பது மணிக்கு 'ஜி.எஸ்.டி. எத்தனை வகைன்னு கேட்டா என்ன சொல்லுவே?' என்று ஆரம்பிப்பார்கள். அன்பால் கேட்பார்கள். 'நாளைக்கு வந்து சொல்றேன் சித்தப்பா' என்று சிரித்துக்கொண்டே எழுந்துவிடு. தோழிகளின் வாட்ஸ்அப் குரூப்பையும் அன்றைக்கு மூடி வை.

சாயங்காலம் சித்தி காபி நீட்டினால் வேண்டாம் என்று சொல். குடித்த காபியில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் போல ஆகும். ஆறு மணிக்குக் குடித்தால் பதினொன்றுக்கும் பாதி உள்ளேயே இருக்கும். தூங்குவதற்கு என்று மாத்திரை எதுவும் போடாதே. என் முதல் இன்டர்வியூவுக்கு முந்தின ராத்திரி பக்கத்து வீட்டு அம்மா 'இதைப் போட்டா நல்லா தூக்கம் வரும்' என்று ஒரு சளி மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது. காலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, தலையில் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது, கேட்ட கேள்வியை இரண்டாம் தடவை கேட்க வைத்தேன். அந்த வேலை கிடைக்கவில்லை. சளி, அரிப்பு மாத்திரைகளில் பல மறுநாள் காலை வரை மந்தமாக்கும், வாயை உலர்த்தும். பேச வேண்டிய நாளில் அது வேண்டாம்.

படுத்தாகிவிட்டது, தூக்கம் வரவில்லை. மணி பார்க்காதே. அலாரத்தை உன் போனில் வை, சித்தியையும் ஒரு அலாரம் வைக்கச் சொல், பிறகு போனைக் கைக்கு எட்டாத இடத்தில் கவிழ்த்து வை. மணி பார்த்தால் உடனே மனம் 'இன்னும் அஞ்சு மணி நேரம்தான்' என்று கழித்தல் கணக்குப் போட ஆரம்பிக்கும். இருபது நிமிஷம் போல ஆகிவிட்டது என்று தோன்றினால் எழுந்து உட்கார். எல்லோரும் ஹாலில் படுத்திருந்தால் பாயிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாலும் போதும். மூக்கால் நாலு எண்ணும் வரை மூச்சை இழு, ஆறோ எட்டோ எண்ணும் வரை மெதுவாக விடு. மூச்சை விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் குறையும், அதனால்தான் விடுவதை நீளமாக வைக்கச் சொல்கிறேன். ஐந்து நிமிஷம் செய். தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடு. கண் கனக்கும்போது மறுபடி படு.

அப்படியும் வரவில்லையா? அப்போது தூங்க முயற்சி செய்வதையே விட்டுவிடு. இருட்டில் படுத்தபடி, 'கண்ணைத் திறந்துகொண்டே இருக்கிறேன், பார்க்கலாம்' என்று இரு. தூக்கமின்மைக்கு வைத்தியம் செய்கிறவர்கள் நெடுங்காலமாகச் சொல்லித் தருகிற வழி இது. தூக்கம் வந்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம்தான் தூக்கத்தை விரட்டுகிறது. பிடிவாதம் போனால் பலருக்குத் தூக்கம் வந்துவிடும். வராவிட்டாலும் உடம்பு படுத்து ஓய்வெடுத்திருக்கும்.

காலையில் எப்போதும் குடிக்கிற காபியைக் குடி, கூட இன்னொரு டம்ளர் வேண்டாம், கை நடுங்கும். வயிறு பிசைந்தாலும் இரண்டு இட்லியாவது சாப்பிடு.

பரீட்சைக்கு முந்தின ராத்திரி மட்டும் என்றால் கவலை இல்லை. ஆனால் சாதாரண நாட்களிலும் வாரத்தில் மூன்று ராத்திரியாவது இப்படி, மூன்று மாதமாக நடக்கிறது என்றால் ஊரில் ஒரு டாக்டரைப் பார். அதற்கு மாத்திரை இல்லாத வைத்தியமும் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கு. இன்டர்வியூ முடிந்ததும், அங்கே முதலில் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுது.