பணம் தொழிலிலேயே தங்குமா?

கேள்வி: தொழிற்கூடங்களுக்கு மின் பேனல் போட்டுத் தரும் வேலையைத் தனி ஆளாக என் பெயரிலேயே நடத்துகிறேன். மூன்று வருடமாக வருமானம் நன்றாக ஏறுகிறது. ‘கம்பெனியாக மாற்று, வரி மிச்சம்’ என்கிறார்கள் நண்பர்கள். கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் பார்ட்னராகச் சேர்கிறேன் என்கிறார். எந்த அளவு வருமானம் வந்தால் மாறலாம்?

பதில்: வருமானத் தொகையை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. லாபத்தில் வீட்டுக்கு எவ்வளவு போகிறது, தொழிலிலேயே எவ்வளவு தங்குகிறது என்று முதலில் பாருங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தனிநபராக உங்களுக்கு விழும் உச்ச வரி 30 சதவீதம், கம்பெனிக்கு 25 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் உதாரணத்துக்குத்தான், உங்களுக்குப் பொருந்தும் விகிதங்களைப் போட்டுக்கொள்ளுங்கள். வருட லாபம் 100 பங்கு, வீட்டுச் செலவுக்கு 60 வேண்டும். கம்பெனியிலிருந்து அந்த 60-ஐச் சம்பளமாக எடுத்தால், கம்பெனிக்கு அது செலவு, உங்களுக்கு வருமானம். அதற்குத் தனிநபர் வரிதான், ஏறக்குறைய இப்போது கட்டுவது போலவே. மீதி 40-க்கு மட்டும் 30-க்குப் பதில் 25 கட்டுவீர்கள். மிச்சம் 2 பங்கு. கம்பெனிக்கென்று ஆடிட்டர் கட்டணம், வருடாந்தரத் தாக்கல், கூடுதல் கணக்கு வேலை எல்லாம் சேர்ந்து 3 பங்கு ஆனால், மாறியதில் நஷ்டம்தான்.

லாபம் 180-ஐத் தொட்டு, வீட்டுக்கு 70 போதும் என்றால் 110 தங்குகிறது. மிச்சம் 5.5. செலவு அதே 3. இப்போது மாறுவதில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் அந்த 110 உள்ளேயே இருக்க வேண்டும். புது இயந்திரம், சரக்கு, ஆள் சம்பளம் என்று தொழிலுக்கே போனால் சரி. பின்னால் டிவிடெண்டாக எடுத்தால் பல நாடுகளில் மறுபடியும் வரி உண்டு. 100-க்குக் கம்பெனி 25 கட்டி, மீதி 75-க்கு நீங்கள் 30 சதவீதம் கட்டினால் கைக்கு வருவது 52.5. தனி ஆளாகவே இருந்திருந்தால் 70 வந்திருக்கும். கம்பெனி கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள விடும் நாடுகளும் உண்டு. உங்களுக்கு அது உண்டா என்று ஆடிட்டரிடம் முதலில் கேளுங்கள்.

இன்னொன்று, கம்பெனிப் பணம் உங்கள் பணம் அல்ல. என்னிடம் வந்த ஒருவர், கம்பெனி கார்டிலேயே பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் வீட்டு வாடகையையும் கட்டி வந்தார். வருடக் கடைசியில் அத்தனையும் ‘இயக்குநர் வாங்கிய கடன்’ என்று அவர் பெயரில் நின்றது. திருப்பிக் கட்டக் கையில் பணம் இல்லை. இரண்டு வங்கிக் கணக்கையும் கலக்காமல் வைக்க இப்போதே பழகிவிட்டீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

வரிக் கணக்கு சாதகமாக வராவிட்டாலும், உங்கள் வேலையைப் பார்த்தால் வேறொரு காரணத்துக்காக மாறச் சொல்வேன். பேனலில் ஒரு இணைப்பு சூடாகித் தீப்பிடித்து ஒரு தொழிற்கூடமே நாலு நாள் நின்றால், அந்த இழப்பை உங்களிடம் கேட்பார்கள். தனி உரிமையாளருக்குத் தொழில் கடனும் சொந்தக் கடனும் ஒன்றுதான். வீடு வரைக்கும் வரும். ஒரே ஒப்பந்தத்தின் பொறுப்பு உங்கள் சேமிப்பைத் தாண்டுகிறதென்றால், லாபம் 100 ஆனாலும் கம்பெனி யோசிக்க வேண்டியதுதான். ஆனாலும் அது முழுக் கவசம் ஆகாது. புதுக் கம்பெனிக்குக் கடன் தரும்போது வங்கி பெரும்பாலும் உங்கள் சொந்த உத்தரவாதத்தைக் கேட்கும். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் அந்தக் கடனுக்கு வீடு மறுபடியும் பிணை. நீங்களே செய்த கவனக்குறைவுக்கும் உங்கள் மேல் வழக்கு வரலாம். அதனால் பொறுப்புக் காப்பீட்டை இன்றைக்கே எடுங்கள். அதற்குக் கம்பெனி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், தம்பி விஷயம். சாதாரணக் கூட்டு நிறுவனத்தில் தொழிலுக்காக அவர் ஒப்புக்கொள்ளும் ஆர்டரும் வாங்கும் கடனும் உங்களையும் கட்டுப்படுத்தும், உங்கள் சொத்து வரை. அவர் பங்கை அவரால் கட்ட முடியாவிட்டால், முழுத் தொகையையும் உங்களிடமே கேட்கலாம். அவர் முதல் போடுகிறாரா, வாடிக்கையாளரைக் கொண்டுவருகிறாரா, இல்லை நல்ல வேலைக்காரர் மட்டும்தானா? கடைசி வகை என்றால் லாபத்தில் ஒரு சதவீதத்தைப் போனஸாகக் கொடுங்கள், பார்ட்னர் ஆக்க வேண்டாம். சேர்ப்பதாக இருந்தால் பொறுப்புக்கு வரம்புள்ள அமைப்பிலேயே சேருங்கள். ஒருவர் விலகினால் அவர் பங்குக்கு எப்படி விலை போடுவது என்பதைச் சேரும் நாளிலேயே எழுதி வையுங்கள்.

மாறுவது முடிவானால் கணக்கு வருடத்தின் முதல் நாளில் மாறுங்கள். உங்கள் பெயரில் இருக்கும் உரிமம், வரிப் பதிவு, நடக்கும் ஒப்பந்தங்கள் எதுவும் தானாகக் கம்பெனிக்கு வந்துவிடாது. ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் புதுக் கையெழுத்து வாங்க வேண்டும். பாதியில் நிற்கும் வேலைகளைப் பழைய பெயரிலேயே முடித்து பில் போட்டுவிடுவது சுலபம்.