கரூரிலிருந்து வரும் பெட்டியோடு எந்தத் தாள் வரவேண்டும்?

"அண்ணா, நான் கரூர்க்காரன், இங்கிலாந்தில் லெஸ்டருக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. மாமா ஊரில் தைக்கும் மேசை விரிப்பும் கிச்சன் டவலும் வாங்கி இங்கே விற்கக் கம்பெனி பதிந்திருக்கிறேன். முதல் சரக்கு நாலு பெட்டி, கூரியரில் வருகிறது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், டெலிவரி சலான் மூன்றும் போட்டாயிற்று, அசல் இன்வாய்ஸ் கடைசிப் பெட்டியோடுதான் போகும் என்கிறார் மாமாவின் கணக்குப்பிள்ளை. எது எந்தப் பெட்டியில் இருக்கவேண்டும்?"

தம்பி, கணக்குப்பிள்ளை சொல்வது தப்பில்லை, ஆனால் அது உங்கள் பெட்டிக்கான விதி இல்லை. மொத்தமாக ஒரு விலை பேசி விற்ற சரக்கை நம் நாட்டுக்குள்ளேயே பல லோடாகப் பிரித்து அனுப்பும்போது ஜிஎஸ்டி விதி 55 அப்படித்தான் கேட்கிறது. முதல் லோடு கிளம்பும் முன்பே முழு இன்வாய்ஸ் போட்டுவிட வேண்டும், பிறகு வரும் ஒவ்வொரு லோடுக்கும் அந்த இன்வாய்ஸ் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு சலான், கூடவே இன்வாய்ஸின் சான்றிட்ட நகல், அசல் கடைசி லோடோடு. பெரிய எந்திரத்தைக் கழற்றி நாலு லாரியில் ஏற்றுபவர்கள் இப்படித்தான் செய்வார்கள். அதையே கூரியர் பெட்டிக்குச் செய்தால், இங்கே கஸ்டம்ஸ் முதல் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இன்வாய்ஸ் எங்கே என்று கேட்கும், அது நாலாவது பெட்டிக்குள் கிடக்கும்.

மூன்று தாளையும் யார் படிக்கப்போகிறார்கள் என்று பார்த்தால் குழப்பம் பாதி தீரும். கமர்ஷியல் இன்வாய்ஸைப் படிப்பது இரண்டு நாட்டுக் கஸ்டம்ஸும். யார் யாருக்கு என்ன விலைக்கு விற்றார் என்பதுதான் அதில் விஷயம், வரி அதை வைத்துத்தான். பேக்கிங் லிஸ்டைப் படிப்பது பெட்டியைத் தூக்குகிறவரும் திறக்கிறவரும். எந்தப் பெட்டியில் என்ன, எத்தனை, எவ்வளவு எடை, அளவு என்ன என்று இருக்கும், விலை இருக்கத் தேவையில்லை. சலான், நம் ஊரில் டிசி என்பது, இந்தியச் சாலையில் வண்டியை நிறுத்திக் கேட்பவருக்கானது. சரக்கு நகர்கிறது ஆனால் விற்பனை இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. நூலைத் தறிக்கு அனுப்பும்போது, துணியைச் சாயப்பட்டறைக்கு அனுப்பும்போது, வெட்டிய துணியைத் தையல் யூனிட்டுக்கு ஜாப் ஒர்க்குக்கு அனுப்பும்போது மாமா போடுவது இதைத்தான். மூன்று பிரதி: அசல் வாங்குபவருக்கு, இரண்டாவது வண்டிக்காரருக்கு, மூன்றாவது அனுப்பியவரிடமே.

ஆக, தையல் முடிந்து மாமாவின் குடோனுக்குத் துணி திரும்பியதோடு சலானின் வேலை முடிந்தது. அங்கிருந்து கூரியர் கிளைக்குப் போவது விற்ற சரக்கு, அதனால் சலான் கிடையாது, ஏற்றுமதி இன்வாய்ஸ்தான். மாமா எல்யுடி என்ற உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து வரி கட்டாமல் அனுப்புகிறவர் என்றால் அந்த வாசகம் இன்வாய்ஸிலேயே அச்சாகியிருக்க வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சலான் கூட வந்தால் வந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைக்காதீர்கள், வரவே கூடாது. இங்கே எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அனுப்பியவர் கையில் இருந்த தாளையெல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டிமேல் ஒட்டிவிட்டார், அதில் பழைய ஜாப் ஒர்க் சலானும் போய்விட்டது. சலானில் ரூபாயில் ஒரு மதிப்பு, இன்வாய்ஸில் பவுண்டில் வேறு மதிப்பு, அளவும் ஒத்துப்போகவில்லை, ஏனென்றால் சலான் தைப்பதற்கு முன்பு மீட்டர் கணக்கில் போட்டது. எது உண்மையான விலை என்று கூரியரின் கிளியரன்ஸ் ஆட்கள் மெயில் அனுப்பினார்கள், விளக்கம் கொடுத்து, பணம் அனுப்பிய வங்கி ரசீதும் காட்டும்வரை சரக்கு நகரவில்லை. டிராக்கிங்கில் 'கிளியரன்ஸ் டிலே' என்று நின்றுவிட்டால் காரணம் பெரும்பாலும் இந்த மாதிரிதான், இரண்டு தாள் இரண்டு கதை சொல்லியிருக்கும்.

இனி உங்கள் நாலு பெட்டி. நீங்கள் எண்ணிக்கை சொல்லவில்லை, அதனால் நானே ஒரு கணக்கு வைத்துச் சொல்கிறேன், உங்களுடையதை இதன்மேல் பொருத்திக்கொள்ளுங்கள். மேசை விரிப்பு 100, ஒன்று 4.50 பவுண்டு. கிச்சன் டவல் 350, ஒன்று 80 பென்ஸ். இன்வாய்ஸில் இது இரண்டே வரி: 450, 280, மொத்தம் 730 பவுண்டு. எந்தப் பெட்டியில் எது என்று இன்வாய்ஸுக்குக் கவலை இல்லை. ஆனால் பொருளின் பெயர் 'டெக்ஸ்டைல் ஐட்டம்ஸ்' என்று மொட்டையாக இருக்கக்கூடாது. நூறு சதவீதப் பருத்தி, தறியில் நெய்தது, மேசை விரிப்பு என்று முழுசாக எழுதவேண்டும். டவலில் இன்னும் கவனம். பூந்துவாலை மாதிரி நூல் வளையம் இருந்தால் கஸ்டம்ஸ் பொருளை அடையாளம் காணும் எச்எஸ் கோடு 6302.60, தட்டையாக நெய்த டவல் என்றால் 6302.91, மேசை விரிப்பு 6302.51. மாமாவுக்கு எல்லாம் டவல்தான், கஸ்டம்ஸுக்கு அப்படியில்லை.

பேக்கிங் லிஸ்டில் அதே சரக்கு நாலு வரியாக வரும். பெட்டி 1-இல் விரிப்பு 40, பெட்டி 2-இல் விரிப்பு 40, பெட்டி 3-இல் விரிப்பு 20 டவல் 100, பெட்டி 4-இல் டவல் 250. ஒவ்வொன்றுக்கும் துணியின் எடை தனி, அட்டைப்பெட்டியும் சேர்ந்த எடை தனி. விரிப்பு 450 கிராம், டவல் 70 கிராம் என்று வைத்தால் துணி எடை 18, 18, 16, 17.5 கிலோ. பெட்டிக்கு 1.2 கிலோ சேர்த்தால் 19.2, 19.2, 17.2, 18.7, மொத்தம் 74.3 கிலோ. இந்த 74.3-உம் நாலு பெட்டி என்ற எண்ணிக்கையும், புக் செய்யும்போது கூரியர்காரர் போடும் ஏர்வே பில்லில் அப்படியே இருக்கவேண்டும். பெட்டியின் பக்கத்தில் 1/4, 2/4 என்று பெரிதாக மார்க்கரில் எழுதச் சொல்லுங்கள், பேக்கிங் லிஸ்டில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றாக இருந்தால்தான் அந்த லிஸ்டுக்கு அர்த்தம்.

எது எங்கே என்பது, நாலு பெட்டியும் எப்படி புக் ஆகிறது என்பதைப் பொறுத்தது. ஒரே ஏர்வே பில்லில் நாலு பெட்டியாக புக் செய்தால், கஸ்டம்ஸ் கண்ணில் அது ஒரே சரக்கு. கையெழுத்திட்ட இன்வாய்ஸ் ஒன்று, கூட இரண்டு நகல், முழு பேக்கிங் லிஸ்ட் ஒன்று, எல்லாம் முதல் பெட்டியின் மேலே வெளியே ஒட்டும் உறையில். உள்ளே இல்லை, வெளியே. மற்ற மூன்று பெட்டிக்குள்ளும் துணிக்கு மேல் பேக்கிங் லிஸ்ட் நகல் ஒன்று போட்டால் போதும்; உறை கிழிந்து தொலைந்தாலும், கஸ்டம்ஸ் ஒரு பெட்டியை மட்டும் பிரித்தாலும், அது எந்தச் சரக்கின் பாகம் என்று தெரிந்துவிடும்.

நாலையும் தனித்தனி ஏர்வே பில்லில் போட்டால் கதை வேறு. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி இன்வாய்ஸ் வேண்டும், அந்தப் பெட்டியில் உள்ளதற்கு மட்டும். மூன்றாவது பெட்டியின் இன்வாய்ஸில் 20 விரிப்புக்கு 90, 100 டவலுக்கு 80, ஆக 170 பவுண்டு. சிலர் சோம்பலில் 730 பவுண்டு இன்வாய்ஸையே நாலு பெட்டியிலும் ஒட்டிவிடுவார்கள். நாலு தடவையும் 730-க்கு வரி கணக்காகும், பிறகு திரும்ப வாங்க அலைய வேண்டும். இன்னொன்று, 135 பவுண்டுக்குள் வந்தால் இங்கே சுங்கத்தீர்வை கிடையாது, வாட் வசூலிக்கும் முறையும் வேறு என்று யாராவது சொல்லி, அதற்காகவே ஒரு ஆர்டரைப் பத்து பொட்டலமாகப் பிரிக்கச் சொல்வார்கள். அந்த வேலையே வேண்டாம். ஒரே ஆள், ஒரே விலாசம், ஒரே நாள் என்று வந்தால் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். ஒரே ஏர்வே பில்லில் புக் செய்யச் சொல்லுங்கள்.

இன்வாய்ஸில் நீங்கள் பார்க்கவேண்டியது வாங்குபவர் பெயர். உங்கள் சொந்தப் பெயர் இல்லை, கம்பெனி பெயரும், இறக்குமதி செய்பவரை கஸ்டம்ஸ் அடையாளம் காணும் அதன் ஈஓஆர்ஐ எண்ணும். GB என்று தொடங்கிப் பன்னிரண்டு இலக்கம் வரும். வாட் பதிவு செய்தவர் என்றால் இறக்குமதியில் போகும் 20 சதவீத வாட்டைக் கணக்கில் கழிக்கலாம், ஆனால் இறக்குமதி ஆவணம் வேறு பெயரில் இருந்தால் அதற்கு வழியில்லாமல் போகும். மாமாவுக்கு நீங்கள் மருமகன்தான், பாசத்தில் வீட்டு விலாசத்துக்கு உங்கள் பெயரில் இன்வாய்ஸ் போட்டுவிடுவார், முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

சாம்பிள் கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். இலவசமாக அனுப்பும் சாம்பிளுக்கும் இன்வாய்ஸ் வேண்டும், மதிப்பு சைபர் என்று போடக்கூடாது. விற்றால் என்ன விலையோ அதைப் போட்டு, கஸ்டம்ஸுக்காக மட்டும் காட்டிய மதிப்பு என்று ஒரு வரி எழுதவேண்டும். சலான் துறைமுகம்வரை போகிற சந்தர்ப்பமும் ஒன்று உண்டு: வெளிநாட்டுக் கண்காட்சிக்கு, அல்லது விற்றால் பணம் விற்காவிட்டால் சரக்கு என்ற பேச்சில் அனுப்புவது. கிளம்பும்போது அது விற்பனை இல்லை, அதனால் இந்தியாவில் சலானில்தான் நகரும் என்று 2019 ஜூலையில் ஜிஎஸ்டி சுற்றறிக்கையே வந்திருக்கிறது. ஆறு மாதத்துக்குள் விற்றதற்கு இன்வாய்ஸ் போடவேண்டும், இல்லையென்றால் சரக்கு திரும்பவேண்டும். அப்போதும் இங்கே இறங்கும்போது கஸ்டம்ஸுக்கு விலை போட்ட தாள் ஒன்று கட்டாயம்.

பெட்டி வந்ததும் கையெழுத்துப் போடும் முன் எடை போட்டுப் பாருங்கள், குளியலறைத் தராசு போதும். மூன்றாவது பெட்டி 17.2 இருக்கவேண்டியது 14 காட்டினால் டேப் பிரிக்காமல் போட்டோ எடுத்து, டெலிவரி ஆளிடம் குறித்துக்கொடுக்கச் சொல்லுங்கள். பெட்டியே காணோம் என்றால் உள்ளே என்ன இருந்தது என்பதற்குப் பேக்கிங் லிஸ்ட், அதன் விலைக்கு இன்வாய்ஸ், இரண்டையும் சேர்த்தால்தான் 170 பவுண்டு நஷ்டம் என்று நிரூபிக்க முடியும். ஒன்று மட்டும் இருந்தால் கூரியர்காரர் பேசிக்கொண்டே இருப்பார்.

அப்புறம் நீங்கள் லெஸ்டரிலிருந்து ஒரு ரெஸ்டாரண்டுக்கு 20 விரிப்பு கொடுத்தனுப்பும்போது சலான் மாதிரி ஒன்று தேவைப்படும், இங்கே டெலிவரி நோட் என்பார்கள். விலை போடாமல் எண்ணிக்கை மட்டும் எழுதி, வாங்கியவர் கையெழுத்து வாங்கி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். இன்வாய்ஸை மெயிலில் தனியாக அனுப்பலாம். இப்போதைக்கு, கூரியர் ஆள் பெட்டி எடுக்க வரும் முன்பே இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்டையும் பிடிஎஃப்பாக உங்களுக்கு அனுப்பச் சொல்லி, எண்ணிக்கை, எடை, கம்பெனி பெயர் மூன்றையும் சரிபார்த்துவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். சலானை மாமா தன் ஃபைலில் வைத்துக்கொள்ளட்டும்.