பேர் ஆக்ட் கையில இருந்தும் மார்க் வரல: ஒப்பந்தச் சட்ட ஓப்பன் புக் பேப்பர் கேள்வி பதில்

ரெண்டாம் வருஷ மாணவி: 17 வயசுப் பையன் 19னு பொய் சொல்லி, காலேஜுக்குன்னு 60,000 ரூபாய் லேப்டாப் தவணையில வாங்கறான். 10,000 கட்டிட்டு மீதிய தரமாட்டேங்கறான். கடைக்காரருக்கு என்ன ஆலோசனை? நான் யார் ஒப்பந்தம் போடலாம்னு சொல்ற 11ஆம் பிரிவ முழுசா எழுதி, மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாதுன்னு சொன்ன மோஹரி பீபி கேஸும் போட்டேன் சார். 20க்கு 7தான். ஏன்?

11ஆம் பிரிவு பேர் ஆக்ட்ல, அதாவது விளக்கம் இல்லாம சட்டம் மட்டும் இருக்கற புத்தகத்துல, உங்க மேஜை மேலயே இருக்கும்மா, அதை அப்படியே பாத்து எழுதினா யாரும் மார்க் தர மாட்டாங்க. பேப்பர் திருத்தறவர் தேடுறது கேள்வியில இருக்கற ஒவ்வொரு தகவலையும் நீங்க என்ன பண்ணீங்கன்னுதான். "17 வயசு"ன்றத வச்சு ஒப்பந்தம் செல்லாதுன்னு ரெண்டே வரியில முடிச்சுடுங்க, அங்க சண்டையே இல்ல. "19னு பொய்"ன்றது சும்மா போட்டதில்ல, பொய் சொன்னவன் அப்புறம் வயசக் காட்டித் தப்பிக்கலாமான்னு கேக்கறாங்க. மைனரை அந்தப் பேச்சால கட்டிப்போட முடியாதுங்கறதுதான் கோர்ட்டுங்க எடுத்த நிலை. "காலேஜுக்கு"ன்ற ஒரே வார்த்தை 68ஆம் பிரிவத் திறக்குது. அத்தியாவசியப் பொருள் குடுத்தவர் பையனோட சொத்துலருந்து வசூல் பண்ணலாம், ஆனா பையன்கிட்ட நேரா கேக்க முடியாது, அதனால அவன் பேர்ல சொத்து ஏதாவது இருக்கான்னு கேக்கணும். உங்க 7 மார்க் முதல் தகவலுக்கு மட்டும் வந்திருக்கும்னு நினைக்கறேன்.

கார்த்தி: 65ஆம் பிரிவுல, செல்லாதுன்னு தெரிஞ்சா வாங்கின பலனைத் திருப்பித் தரணும்னு இருக்கே. அதப் போட்டா முடிஞ்சுதுல்ல?

பாதி சரி தம்பி. அந்தப் பிரிவு ஞாபகம் வந்ததே நல்லது, ஆனா 1903ல, அப்போ இந்தியாவுக்கு உச்ச அப்பீல் கோர்ட்டா இருந்த பிரிவி கவுன்சில் அதே மோஹரி பீபி வழக்குல அந்தக் கதவ மூடிடுச்சு. ஒப்பந்தம் போடத் தகுதி உள்ளவங்களுக்குள்ள நடந்ததுக்குத்தான் 65, மைனருக்குப் பொருந்தாதுன்னு. விடையில 65ஐக் கொண்டுவந்து, அது ஏன் வேலை செய்யாதுன்னு சொல்லி, அடுத்த வழிக்குப் போங்க. அந்த அடுத்த வழி ஒப்பந்தச் சட்டத்துலயே இல்ல, 1963 குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 33ஆம் பிரிவுல இருக்கு. கடைக்காரர் கேஸ் போட்டு, பையன் "நான் மைனர்"னு சொல்லித் தப்பிச்சுட்டா, அவனுக்குக் கிடைச்ச பலன் அளவுக்குத் திருப்பிக் குடுன்னு கோர்ட் சொல்லலாம். லேப்டாப் அவன்கிட்டயே இருந்தா சுலபம், வித்துச் செலவு பண்ணிட்டான்னா இழுபறிதான், அத ஒரு வரி எழுதுங்க. ஹாலுக்கு ஒப்பந்தச் சட்டத்தோட பேர் ஆக்ட் மட்டும் கொண்டுபோறவங்க இந்த இடத்துலதான் மாட்டறாங்க.

ஃபரீதா: போன் அலோ பண்ணுவாங்களா? பிடிஎஃப்ல மைனர்னு சர்ச் பண்ணா செக்ஷன் டக்குனு வந்துடும்ல.

அலோ பண்ணுவாங்களான்றது உங்க ஹால் விதிமுறை, அது எனக்குத் தெரியாதும்மா. ஆனா சர்ச் பண்ணிப் பாருங்க, 11லயும் வராது 68லயும் வராது! 11ல "வயது வந்தவர்"னுதான் இருக்கு, 68ல "ஒப்பந்தம் செய்ய இயலாதவர்"னு இருக்கு. மைனர்ன்ற வார்த்தை 26ல கல்யாணத் தடை பத்தின இடத்துல வந்து நிக்கும். அதனாலதான் செக்ஷன் நம்பர் வரிசையில டேக் ஒட்டாம பிரச்சனை வாரியா ஒட்டச் சொல்றேன். "மைனர்"னு ஒரு டேக், அதுல 11, 65 (வேண்டாம்), 68, அப்புறம் நிவாரணச் சட்டம் 33. நோட்ஸ் எழுத விடலன்னா வெறும் கலர் ஒட்டினாலே போதும்.

பேர் வேண்டாம்: என் தம்பி 17 வயசுல ஒரு ஆப்ல கடன் வாங்கிட்டான், 18 ஆனதும் "கட்டிடறேன்"னு மெசேஜ் போட்டுட்டான். மாட்டிக்குவானா?

நிஜக் கேஸுன்னா அந்த மெசேஜ், தேதியெல்லாம் எடுத்துக்கிட்டு ஒரு வக்கீலைப் பாருங்க, இங்க சொல்றத நம்பாதீங்க. பரீட்சைக்குன்னா இது அழகான திருப்பம். ஆரம்பத்துலருந்தே செல்லாதத 18 ஆனப்புறம் ஏத்துக்கிட்டேன்னு உயிர் கொடுக்க முடியாது. ஆனா 18க்கு அப்புறம் புதுசா பணம் கைமாறியிருந்தா அந்தப் புதுப் பணம் தனிக்கணக்கு, அதனால தேதிங்கள வரிசையா எழுதிட்டு அப்புறம் விடை ஆரம்பிங்க.

கார்த்தி: லேப்டாப் அத்தியாவசியமா இல்லையா? எங்க மேடம் ஒரே முடிவா எழுதச் சொல்றாங்க.

பையனோட நிலைமைக்கு ஏத்ததா, வாங்கினப்போ ஏற்கனவே ஒண்ணு இருந்ததான்னு பாக்கணும், கேள்வியில அது இல்ல. நானா இருந்தா "வேற லேப்டாப் இல்லாத கம்ப்யூட்டர் கோர்ஸ் மாணவன்னா அத்தியாவசியம், வீட்ல ஏற்கனவே ஒண்ணு இருந்தா இல்ல"ன்னு ரெண்டு பக்கமும் எழுதிட்டு, கடைக்காரர் 68ஐ முதல் வாதமாவும் 33ஐ மாற்று வாதமாவும் வைக்கட்டும்னு முடிப்பேன். உங்க மேடம் ஒரே முடிவு கேட்டா அத்தியாவசியம்னு எழுதுங்க, ஆனா எந்தத் தகவலை ஊகிச்சீங்கன்னு கண்டிப்பா சொல்லிடுங்க. இதுல வாத்தியார்களுக்குள்ளயே ஒத்துப்போகாது.