ஈறு இறங்கிய பல்லில் வேர்ச்சொத்தை: வாசகர் கேள்விகளுக்குப் பல் மருத்துவரின் பதில்கள்

எனக்கு 67 வயது. இத்தனை ஆண்டுகளில் ஒரு சொத்தைகூட வந்ததில்லை. இந்த ஓராண்டில் மட்டும் நான்கு பற்களில், ஈறை ஒட்டியே, சொத்தை என்கிறார்கள். தினமும் இரு வேளை பல் துலக்குகிறேன். கால் எரிச்சலுக்காகச் சென்ற ஆண்டு முதல் அமிட்ரிப்டிலின் மாத்திரை சாப்பிடுகிறேன். வாய் காய்ந்துபோவதால் பனங்கற்கண்டை அடக்கிக்கொள்கிறேன்.

விடை உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளில் இருக்கிறது. பல்லின் மேற்பகுதிக்கு எனாமல் கவசம் உண்டு, வேருக்குக் கிடையாது. ஈறு இறங்கி வேர் வெளியே வந்தால், அதை மூடியிருக்கும் காகிதத்தைவிட மெல்லிய படலம் அழுத்தித் துலக்கியே தேய்ந்துவிடும். அடியில் இருப்பது மிருதுவான டென்டின். வாயில் அமிலம் கூடக்கூட பி.எச். அளவு இறங்கும். எனாமல் கரைவதற்கு அது ஏறத்தாழ 5.5-க்கு இறங்க வேண்டும். வேரோ 6.2 முதல் 6.7-க்குள்ளேயே கரையத் தொடங்கிவிடும். மேற்பல்லை ஒன்றும் செய்யாத லேசான புளிப்பே வேரை அரித்துவிடுகிறது.

அந்த அமிலத்தைக் கழுவிச் சமன்செய்வது உமிழ்நீர். உங்கள் மாத்திரை அதைக் குறைக்கிறது. வறட்சிக்காக நீங்கள் அடக்கிய கற்கண்டோ, பனையிலிருந்து வந்தாலும், வாய்க் கிருமிகள் அமிலமாக்கும் சர்க்கரைதான். மணிக்கணக்கில் அது வேரோரத்தில் ஊறுகிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வாய் வறட்சியைச் சொல்லி, அளவையோ மருந்தையோ மாற்ற முடியுமா என்று அதை எழுதித் தந்த மருத்துவரிடம் கேளுங்கள். கற்கண்டை இன்றே விடுங்கள். அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள், அல்லது சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று சேர்த்த சர்க்கரையில்லாச் சூயிங்கம் மெல்லுங்கள்.

அப்பாவின் வேர்ச்சொத்தையை அடைக்காமல் ஃப்ளோரைடு வார்னிஷ் என்ற பூச்சை மட்டும் தடவி அனுப்பிவிட்டார்கள். இது தள்ளிப்போடுவதுதானே?

இல்லை. குழி விழாத வேர்ச்சொத்தையைத் துளைக்காமலே நிறுத்த முடியும். ஈறோரம் ஈரம் நிற்கும் இடம் என்பதால் அங்கே வைக்கும் அடைப்பும் எளிதில் விளிம்பில் இடைவெளி விடும். எனவே ஆழமில்லாத இடத்தில் முதலில் வார்னிஷ் போடுவதே சரி என்பது என் கருத்து.

பல்லைச் சுத்தம் செய்து, பஞ்சு வைத்து ஈரத்தை ஒற்றி, சிறு தூரிகையால் மெல்லியதாகப் பூசுவார்கள். உமிழ்நீர் பட்டதும் அது இறுகிவிடும். சில மணி நேரம் சூடானதும் கடினமானதும் சாப்பிடக்கூடாது. அன்று இரவு துலக்காமல் மறுநாள் காலை துலக்கலாம். பல் மஞ்சளாகத் தெரிவது துலக்கியதும் போய்விடும். ஒருமுறை பூசினால் போதாது. உமிழ்நீர் குறைந்தவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேவை. பெரும்பாலான வார்னிஷில் பைன் மரப் பிசின் இருப்பதால், அந்த ஒவ்வாமையோ கடும் ஆஸ்துமாவோ இருந்தால் முன்பே சொல்லுங்கள்.

பலன் தெரிகிறதா என்பதை நிறத்தைவிடத் தொட்டுப் பார்ப்பதே நன்றாகக் காட்டும். மஞ்சளாகவோ இளம்பழுப்பாகவோ இருந்து, தோல்போல மெத்தென்று இருந்தால் சொத்தை இன்னும் உயிரோடு இருக்கிறது. கறுத்து, பளபளத்து, கெட்டியானால் நின்றுவிட்டது. அந்தக் கறுப்பைப் பார்த்துப் பலர் பயந்து வருகிறார்கள். அது நல்ல அடையாளம். ஆனால் குழி விழுந்து உணவு சிக்கினாலோ, கூச்சம் வலியாக மாறினாலோ வார்னிஷ் மட்டும் போதாது. அடைத்தே ஆக வேண்டும்.

அம்மாவுக்கு 74 வயது. வெள்ளைச் சர்க்கரையைத் தொடுவதில்லை, நாட்டுச் சர்க்கரைதான். காலை ஐந்தரைக்குத் தேநீர், பதினொன்றுக்குத் தேநீரும் ரஸ்க்கும், நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் தேநீர், படுக்கும்போது இனிப்புப் பால். அளவு குறைவுதானே?

அளவைவிட எத்தனை முறை என்பதே முக்கியம். ஒவ்வொரு இனிப்புக்குப் பிறகும் வாய் சுமார் அரை மணி நேரம் அமிலத்தில் இருக்கும், உமிழ்நீர் குறைந்தவருக்கு இன்னும் அதிகம். சாப்பாட்டு வேளைகளைக் கணக்கில் சேர்க்காமலே அம்மாவின் வேர்களுக்கு நாளுக்கு ஐந்து தாக்குதல். மிக மோசமானது இரவுப் பால், ஏனெனில் தூக்கத்தில் உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுவிடுகிறது.

இனிப்புத் தேநீரைக் காலைச் சிற்றுண்டியோடு ஒருமுறை வைத்துக்கொள்ளட்டும். மற்றவை சர்க்கரையில்லாமல் இருக்கட்டும். ரஸ்க் பல்லிடுக்கில் பசையாக ஒட்டுவதால், அதற்குப் பதில் வேகவைத்த கடலையோ சுண்டலோ கொடுங்கள். பாலை இனிப்பில்லாமல் முன்னதாகக் கொடுத்து, பிறகு 1000 பி.பி.எம். ஃப்ளோரைடு பற்பசையால் மென்மையான தூரிகை கொண்டு துலக்கச் செய்யுங்கள். நுரையைத் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம். நீரிழிவு மருந்து எடுப்பவராக இருந்து சர்க்கரை தாழ்ந்தால், பல்லைப் பற்றி யோசிக்காமல் உடனே இனிப்பு கொடுங்கள்.

நாங்கள் தருமபுரிப் பக்கம். தண்ணீரிலேயே ஃப்ளோரைடு அதிகம். வார்னிஷ் வேறு வேண்டுமா?

உங்கள் ஐயம் நியாயமானது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரியவருக்குப் பூசும் அரை மில்லிலிட்டர் வார்னிஷில் சுமார் 11 மில்லிகிராம் ஃப்ளோரைடு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவ்வளவுதான். லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள தண்ணீரை நாளுக்கு இரண்டு லிட்டர் குடித்தால் இரண்டு நாளில் 12 மில்லிகிராம் உடம்பில் சேர்கிறது. எலும்பைக் கெடுப்பது அந்தத் தினசரித் தண்ணீர்தான், ஆகவே குடிநீரை மாற்ற வேண்டும். வார்னிஷ் வேரின் மேல் ஒட்டி அங்கேயே வேலை செய்வதால் அதைத் தவிர்க்க வேண்டியதில்லை. தண்ணீரின் ஃப்ளோரைடால் பல்லில் ஏற்கெனவே பழுப்புக் கறை இருந்தால் அதைச் சொத்தை என்று எண்ணித் துளைத்துவிடாதபடி, மருத்துவரிடம் உங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி முதலிலேயே சொல்லுங்கள்.